ஜாங் ஹெங்கின் வெண்கல நிலநடுக்கக் கலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராகன் வாயிலிருந்து தேரை வாய்க்குப் பந்து விழும் அந்தச் சீனப் பாத்திரம் எது? யார் செய்தது?

கி.பி. 132இல், ஹான் பேரரசின் தலைநகரான லுவோயாங்கில், அரசவை வானியலாளர் ஜாங் ஹெங் (78–139) அமைத்த கருவி அது. அது அசலாக எங்கும் கிடைக்கவில்லை. ஒரு துண்டுகூட அகழ்வில் வரவில்லை. அருங்காட்சியகங்களிலும் பாடநூல்களிலும் பார்ப்பவை எல்லாம் பிற்காலத்தில் யூகித்துச் செய்த மாதிரிகள். அவற்றின் வெளித்தோற்றம் பழைய வர்ணனையை ஒட்டியது. உள்ளமைப்பு மாதிரி செய்தவரின் சொந்தக் கணிப்பு.

உள்ளே என்ன இருந்தது என்று பழைய நூல் சரியாக என்னதான் சொல்கிறது?

முக்கிய ஆதாரம் 5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த பிற்கால ஹான் வரலாறு. அதில் ஜாங் ஹெங் வாழ்க்கைக் குறிப்பின் ஒரு பகுதியாக, 200 எழுத்துகூட இல்லாத ஒரு பத்தி வருகிறது. கருவி செய்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்குப் பிறகு எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கலம் நல்ல வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. விட்டம் எட்டு 'சி'. ஹான் காலத்து ஒரு சி சுமார் 23 செ.மீ., ஆக 1.85 மீட்டர் அளவு. மூடி மேலே குவிந்திருக்கும், மொத்த உருவம் மதுக் கலசம் போல. வெளிச்சுவரில் எழுத்துகள், மலைகள், ஆமை, பறவை, விலங்கு வடிவங்கள். சுற்றி எட்டு டிராகன் தலைகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெண்கலப் பந்து. கீழே எட்டுத் தேரைகள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கின்றன.

உள்ளே நடுவில் ஒரு தூண். அது பக்கவாட்டில் எட்டு வழிகளில் போகக்கூடியது. ஒரு விசையைத் தட்டி விடும். பொறிகள் எல்லாம் கலத்துக்குள் மறைந்திருக்கும், மூடி இடைவெளியில்லாமல் பொருந்தும். நிலம் அதிர்ந்தால் ஒரு டிராகன் பந்தைத் துப்பும், சத்தம் கேட்டுக் காவலர் அறிவார், மற்ற ஏழும் அசையாது. உள்ளமைப்பு பற்றிக் கிடைப்பது இவ்வளவுதான். தூண் நின்றதா தொங்கியதா, அதன் எடை என்ன, பந்து எவ்வளவு பெரிது, கலத்தின் உயரம் என்ன என்பதற்கெல்லாம் அந்தப் பத்தியில் ஒரு சொல்லும் இல்லை. இன்றுவரை நடக்கும் சண்டை முழுக்க இந்த மௌனத்தைச் சுற்றித்தான்.

நிலநடுக்கம் வருவதை முன்கூட்டியே சொல்லுமா?

சொல்லாது. அலை வந்து சேர்ந்த பிறகுதான் பந்து விழும். எப்போது வந்தது என்று பதியாது, எவ்வளவு பெரியது என்றும் சொல்லாது. 'அதிர்ந்தது, இந்தப் பக்கம்' என்ற இரண்டே செய்திதான் அதனிடம் எதிர்பார்க்கப்பட்டது. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய பயன்: தொலைவில் ஒரு மாவட்டம் இடிந்து கிடக்கும் செய்தி குதிரையில் வந்து சேரப் பல நாள் ஆகும். நிலநடுக்கம் ஆட்சி மீதான வானத்தின் எச்சரிக்கை என்று நம்பிய அரசவைக்கு, அந்தச் செய்தி முதலில் தெரிவது அரசியல் காரியமும்கூட.

ஊரில் ஒருவரும் உணராத அதிர்வை ஒரு பாத்திரம் எப்படி உணர முடியும்?

லோங்ஷி நிலநடுக்கக் கதையையே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒருமுறை ஒரு டிராகன் பந்தைத் துப்பியது, லுவோயாங்கில் யாருக்கும் அசைவு தெரியவில்லை, அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள், சில நாளில் தூதன் வந்து லோங்ஷியில் நிலம் நடுங்கியதாகச் சொன்னான் என்கிறது நூல். லோங்ஷி இன்றைய கான்சு மாகாணத்தில், லுவோயாங்குக்கு மேற்கே 700 முதல் 800 கி.மீ. தொலைவில்.

அந்தத் தொலைவைக் கடக்க, முதலில் வரும் பி அலைக்கு ஏறத்தாழ 100 விநாடி ஆகும். குறுக்காக ஆட்டும் எஸ் அலை மூன்று நிமிடத்தை ஒட்டி வரும். மேற்பரப்பு அலைகள் நான்கு நிமிடத்தை ஒட்டி வந்து, அதன் பிறகு நெடுநேரம் நீடிக்கும்.

மேற்பரப்பு அலை நிலத்தை 5 மி.மீ. நகர்த்துகிறது, ஒரு முழு அலைவுக்கு 15 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. கண்ணுக்குத் தெரியும் அளவு. ஆனால் அவ்வளவு மெதுவாக நகர்வதால் முடுக்கம் சுமார் 0.0009 மீ/வி² மட்டும்தான். மனிதர் உணரத் தொடங்குவது சுமார் 0.01 மீ/வி² அளவில். பத்தில் ஒரு பங்குகூட இல்லாததால் யாருக்கும் தெரியாது. மக்கள் உணராத அதிர்வு நிலத்தில் இருந்திருக்க முடியும் என்ற வரை கதையில் தவறே இல்லை.

நடுத்தூணை மேலிருந்து தொங்கும் ஊசலாகக் கொண்டால், அந்த அதிர்வை அது பார்க்குமா என்பதுதான் சிக்கல். மெதுவான அலையில் சாதாரண ஊசல் எவ்வளவு விலகும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு:

```
d = a × L / g
```

a நில முடுக்கம், L ஊசலின் நீளம், g புவியீர்ப்பு முடுக்கம். 1 மீட்டர் ஊசலுக்கு d வெறும் 0.09 மி.மீ.; ஒரு தாளின் தடிமன். நிலம் 5 மி.மீ. போயும் ஊசல் கலத்தோடு சேர்ந்தே நகர்ந்துவிடுகிறது. நில நகர்வு முழுதும் தெரிய வேண்டுமானால் ஊசலின் அலைவு நேரம் 15 விநாடியைத் தாண்ட வேண்டும். 15 விநாடி அலைவுக்கே 56 மீட்டர் நீளம் தேவை. இரண்டு மீட்டர் கலத்தில் அது முடியாது.

ஆனால் தொலைதூர நிலநடுக்கத்தில் 15 விநாடி அலை மட்டும் வருவதில்லை. எஸ் அலையின் வாலில் ஒன்றிரண்டு விநாடி அலைவுகளும் நிறைய வரும். 1 மீட்டர் ஊசலின் சொந்த அலைவு நேரம் 2 விநாடி. அதே தாளத்தில் நிலம் வெறும் 0.1 மி.மீ. வீச்சில் ஐந்து முறை ஆடினால், ஒவ்வோர் ஆட்டமும் ஊசலை இன்னும் கொஞ்சம் தள்ளித் தள்ளி, 1.5 மி.மீ. வரை கொண்டுபோய்விடும். அந்த நில அசைவின் முடுக்கம் 0.001 மீ/வி², இதையும் மனிதர் உணர மாட்டார். ஊசல் மனிதரை வெல்ல ஒரு வழி உண்டென்றால் அது இந்த ஒத்ததிர்வுதான். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை திசைக் கேள்வியில் வருகிறது.

நடுத்தூண் நின்றதா, தொங்கியதா?

இரண்டு கட்சிகளும் உண்டு. ஜப்பானில் பணியாற்றிய ஆங்கில நிலநடுக்கவியலாளர் ஜான் மில்ன் 1880களில் வெளியிட்ட நூலில் இந்தக் கலத்தை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1936இல் சீன அறிஞர் வாங் ஜென்துவோ தொங்கும் ஊசல் வைத்து ஒரு வடிவம் வரைந்தார். 1939இல் ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் இமாமுரா அகிட்சுனே நிற்கும் தூணை, அதாவது தலைகீழ் ஊசலை, முன்வைத்தார். 1951இல் வாங் தன் பழைய கருத்தை விட்டு நிற்கும் தூணுக்கு மாறினார். உலகம் முழுக்கப் படமாகப் பரவியது அந்த 1951 மாதிரிதான். 2005இல் ஃபெங் ருய் தலைமையிலான குழு மீண்டும் தொங்கும் தூணுக்குத் திரும்பி, பதிவான நிலநடுக்க அலைகளை அதிர்வு மேடையில் கொடுத்துச் சோதித்தது.

எங்கள் முடிவு: தொங்கியிருந்தால்தான் வேலை செய்திருக்கும். நிற்கும் தூணுக்கு ஒரு கணக்குப் போட்டால் போதும். 1.5 மீட்டர் உயரத் தூணின் எடைமையம் 0.75 மீட்டரில் இருக்கும். 0.0009 மீ/வி² முடுக்கத்தில் அது சாய வேண்டுமானால், அடிப்பாகத்தின் அகலம் 0.14 மி.மீ. அளவே இருக்கலாம். விளக்குமாற்றை நுனி விரலில் நிறுத்துவது போன்ற காரியம். அதுவும் வெண்கலத்தில், மாதக்கணக்கில், கை வைக்காமல். அப்படி ஒருவேளை நிறுத்திவிட்டாலும், தரை ஒரு தாள் அளவு ஒரு பக்கம் இறங்கினாலே தூண் விழும். அடியை அகலமாக்கினால் நிற்கும். அப்போது மனிதர் உணரும் அதிர்வுக்குக்கூட விழாது. தொங்கும் தூண் சாய்வுக்குப் பிறகும் தானே ஓர் ஓய்வு நிலைக்கு வந்துவிடுகிறது, ஒத்ததிர்வால் அசைவைச் சேர்த்துக்கொள்ளவும் அதனால் முடிகிறது.

ஊசல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் வெண்கலப் பந்து எப்படி விழும்?

நேரடியாக விழாது; நடுவில் இன்னொரு படி வேண்டும். தூண் 100 கிலோ என்று வைத்தாலும், 1 மீட்டர் ஊசலாக 0.1 மி.மீ. விலகும்போது அது கொடுக்கும் பக்கவாட்டுத் தள்ளல் 10 கிராம் எடைக்குச் சமம். 1.5 மி.மீ. விலகினால் 150 கிராம். டிராகன் தாடையைத் திறக்கும் நெம்புகோலில் உராய்வும் பந்தின் எடையும் இருக்கும். அதை இந்தத் தள்ளலை நம்பி விட முடியாது.

அதனால் ஃபெங் ருய் குழு, தூணின் கீழே மிகச் சிறிய ஆதாரத்தில் ஒரு சிறு பந்தை வைத்தது. தூண் தட்டியதும் அந்தப் பந்து உருண்டு எட்டுத் தடங்களில் ஒன்றில் இறங்கி, போகிற போக்கில் எடுக்கும் வேகத்தால் நெம்புகோலை அடிக்கும். நூலில் வரும் தூண், வழி, விசை என்ற சொற்கள் இந்த வரிசைக்கு ஒத்துப்போகின்றன. அதிர்வு செய்ய வேண்டியது சிறு பந்தை அதன் இடத்திலிருந்து கலைப்பது மட்டும். மீதி வேலைக்கான ஆற்றல் பந்தை மேலே வைத்த கையிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. துப்பாக்கி விசையிலிருந்து எலிப்பொறி வரை எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். ஹான் காலச் சீனர்கள் வெண்கலத்தில் வில்பொறி விசைகளை நுட்பமாக வார்த்தவர்கள், ஆகவே கைத்திறன் ஒரு தடையாக இருந்திருக்காது.

ஒரு டிராகன் துப்பியதும் மற்ற ஏழும் ஏன் சும்மா இருந்தன?

பூட்டு ஒன்று இல்லாவிட்டால் சும்மா இருந்திருக்காது. ஊசல் மேற்கே போனால் அடுத்த விநாடி கிழக்கே திரும்பும், இரண்டு பக்கமும் தட்டும். ஒரே ஒரு சிறு பந்தை நடுவில் வைத்தால் இந்தத் தொல்லை தானாகத் தீர்கிறது: அது ஒரு தடத்தில் போய்விட்டால் இன்னொரு தடத்துக்கு அனுப்ப வேறு பந்து இல்லை. நிற்கும் தூண் கட்சிக்காரர்கள் வேறு வழி சொல்வார்கள். தூண் ஒரு பள்ளத்தில் சாய்ந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வடிவம் நன்றாகவே வேலை செய்கிறது.

இரண்டு வகையிலும் ஒருமுறை விழுந்தபின் யாராவது மூடியைத் திறந்து மறுபடி அமைக்க வேண்டும். பெரிய நிலநடுக்கத்துக்குப் பின்அதிர்வுகள் மணிக்கணக்கில் வரும். அவற்றில் எதையும் அது காட்டாது.

விழுந்த பந்தின் திசையில்தான் நிலநடுக்கம் நடந்ததா?

அந்தத் திசையைப் பொருட்படுத்தவே கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது கொஞ்சம் கடுமை. அலை அலையாகப் பிரித்துப் பார்ப்போம்.

பி அலை தான் பயணிக்கும் கோட்டிலேயே நிலத்தை ஆட்டும். மேற்கில் மையம் என்றால் ஆட்டம் கிழக்கு–மேற்கு. இது நல்ல செய்தி. ஆனால் முதல் அசைவு தள்ளலாகவும் இருக்கலாம், இழுப்பாகவும் இருக்கலாம். பிளவு எந்தப் பக்கம் நழுவியது என்பதைப் பொறுத்தது அது. தள்ளினால் நிலம் கிழக்கே போகும், ஊசல் மேற்கே பின்தங்கும். இழுத்தால் நேர் எதிர். ஆக பி அலையைக் கச்சிதமாகப் பிடித்தாலும் மேற்கா கிழக்கா என்று தெரியாது.

எஸ் அலை பயணக் கோட்டுக்குக் குறுக்கே ஆட்டும். அதே மேற்கு நிலநடுக்கத்துக்கு ஊசல் வடக்கு–தெற்காக ஆடும். இதில் வேடிக்கை, பி அலை பலவீனமானது, எஸ் அலை பல மடங்கு வலியது. பி வரும்போது விசை தட்டாமல், எஸ் வந்ததும் தட்டினால், கலம் 90 பாகை தவறிய திசையைக் காட்டும். இமாமுரா தன் மாதிரியைச் சோதித்தபோது கண்டது இதைத்தான்: தூண் நிலநடுக்கம் வந்த திசைக்குக் குறுக்கே சாய்ந்தது.

மேற்பரப்பு அலைகளிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பயணக் கோட்டில் ஆட்டும், மற்றது குறுக்கே ஆட்டும். ஒன்றாகவே வந்து சேர்வதால் பிரிக்க முடியாது. ஒத்ததிர்வு இதற்கெல்லாம் மேல். ஊசல் சில ஆட்டங்களுக்குப் பிறகு நேர்கோட்டை விட்டு நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கும், விசையைத் தொடும் கணத்தில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஏறத்தாழக் குருட்டு வாய்ப்புதான். தொலைவை உணர ஒத்ததிர்வு வேண்டும். ஒத்ததிர்வு வந்தால் திசை போய்விடும். அந்தக் கலத்தின் உண்மையான வரம்பு இந்த இடத்தில் இருக்கிறது.

அருகில், அதாவது சில பத்துக் கிலோமீட்டரில், வலுவான நிலநடுக்கம் என்றால் முதல் பி அலையே விசையைத் தட்டிவிடும். அப்போது கோடு சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதை ஊரில் எல்லாரும் உணர்ந்திருப்பார்கள்.

மாட்டுவண்டி, காற்று, கதவு அடைப்பது இவற்றுக்கெல்லாம் பந்து விழாதா?

வண்டிக்கு அவ்வளவாக இல்லை. வண்டியின் அதிர்வு விநாடிக்குப் பல முறை நடுங்கும் வேகமான அசைவு, ஆனால் நகர்வு மிகச் சிறிது. தொங்கும் ஊசல் வேகமான அசைவில் நின்ற இடத்திலேயே நிற்கும், நிலம் 0.01 மி.மீ. நடுங்கினால் விசைக்குத் தெரிவதும் 0.01 மி.மீ.தான். காற்றுக்கு மூடி இருக்கிறது. 'மூடி இடைவெளியில்லாமல் பொருந்தும்' என்ற வரியை அலங்காரம் என்று தள்ளிவிடக் கூடாது, கருவி தெரிந்த ஒருவர் சொன்ன விவரம் அது.

வெயில்தான் மோசம். கலத்தின் உயரம் 2 மீட்டர், ஊசல் மூடியிலிருந்து தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் கிழக்குச் சுவரில் பட்டு அது மேற்குச் சுவரைவிட 5 பாகை செல்சியஸ் சூடானால், வெண்கலம் அந்தப் பக்கம் 0.18 மி.மீ. நீளும். 1.85 மீட்டர் அகலத்தில் அது மூடியைச் சாய்க்கும் அளவுக்கு, 1 மீட்டர் ஊசலின் நுனி ஓய்வு நிலையிலிருந்து 0.1 மி.மீ. விலகிவிடும். மேலே கணக்கிட்ட லோங்ஷி அலை கொடுத்த விலகலைவிட இது அதிகம். தாள் தடிமன் இடைவெளியில் விசையை அமைத்தவர் தினமும் காலையில் ஒரு பந்தைப் பொறுக்க வேண்டியிருக்கும். ஆகவே கலம் வெயில் படாத உள்ளறையில், கெட்டித்த மண் மேடையில் இருந்திருக்க வேண்டும், இடைவெளியும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒத்ததிர்வு இல்லாமல் தொலைதூர அலை எதுவும் தட்டாது.

அப்படியானால் லோங்ஷி சம்பவம் கட்டுக்கதையா?

பந்து விழுந்ததை மறுக்க வேண்டியதில்லை. எந்த நிலநடுக்கம் என்பதில்தான் தகராறு. வாழ்க்கைக் குறிப்பில் தேதி இல்லை. வழக்கமாக 138ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைச் சொல்வார்கள். ஆனால் அதே வரலாற்று நூலின் அரசர் ஆண்டுக் குறிப்பு, அந்த ஆண்டு ஜின்செங், லோங்ஷி ஆகியவற்றோடு தலைநகரிலும் நிலம் நடுங்கியது, இரு மாவட்டங்களிலும் மலைச்சரிவுகள் இடிந்தன என்கிறது. தலைநகரும் நடுங்கியிருந்தால் 'யாரும் உணரவில்லை' என்ற பேச்சு நிற்காது. அதனால் 134ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைச் சொல்பவர்களும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்கலாம். தூதன் வந்த பிறகுதான் பந்தும் நிலநடுக்கமும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. பந்து விழுந்து தூதன் வராத நாட்களை யாரும் எழுதி வைக்கவில்லை. எட்டில் ஒரு திசை சரியாக வந்தது என்ற ஒரே சம்பவத்தை வைத்து, கருவி திசை காட்டும் என்று நிறுவ முடியாது. உணரும் திறனுக்கு இது நம்பத்தக்க சாட்சி. திசைக்கு அல்ல.

இதைத்தான் உலகின் முதல் நில அதிர்வுமானி என்கிறார்களா?

அதிர்வு வந்ததைக் காட்டும் முதல் கருவி என்றால் சரி. அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் கருவி 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மில்னும் அவருடைய தோழர்களும் 1880ஐ ஒட்டி ஜப்பானில் நம்பகமான பதிவுக் கருவிகளைச் செய்தார்கள். தொலைதூர நிலநடுக்கத்தை இனங்கண்ட முதல் பதிவு 1889 ஏப்ரல் 17இல் கிடைத்தது. ஜப்பானில் நடந்தது ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ரெபியூர்-பாஷ்விட்சின் கிடைமட்ட ஊசலில் விழுந்திருந்தது. கதவுக் கீல் போல ஏறத்தாழச் செங்குத்தான அச்சில் கிடையாக ஆடும் அந்த ஊசலுக்கு, பல மீட்டர் நீளம் இல்லாமலேயே நீண்ட அலைவு நேரம் கிடைக்கிறது. வெண்கலக் கலத்துக்கு எட்டாமல் போன 56 மீட்டர் சிக்கலுக்கு அதுவே விடை.

பள்ளியில் காட்ட, உண்மையாகவே வேலை செய்யும் ஒன்றைச் செய்ய முடியுமா?

முடியும். டிராகன் தலைகளை விட்டுவிட்டு ஊசலையும் விசையையும் மட்டும் செய்யுங்கள்.

50 செ.மீ. சதுரத் தடித்த பலகை ஒன்றை அடித்தளமாக எடுத்து, மூன்று மூலைகளில் மட்டம் பார்க்கும் எம்6 போல்ட்டுகளைப் போடுங்கள். நான்கு கால் வேண்டாம்; நான்காவது எப்போதும் ஆடும். அதன்மேல் 1.2 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கோண ஆங்கிளில் சட்டம் அமைத்து, குறுக்கு விட்டங்களால் இறுக்குங்கள். மேலிருந்து 0.5 மி.மீ. எஃகுக் கம்பியில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டு, எடையின் நடு வரை 1 மீட்டர் வரும்படி பாருங்கள். நைலான் கயிறு வேண்டாம், நாளுக்கு நாள் இழுபட்டு எடை கீழிறங்கும்.

எடையின் அடியில் 12 மி.மீ. விட்டமுள்ள நேரான எஃகுக் குச்சியைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். அதன் நுனிக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் 19 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் மேல் சம தூரத்தில் எட்டுத் துளைகள், ஒவ்வொன்றும் 1 மி.மீ.; துளைகளுக்கு வெளியே தகடு சற்றே கீழே சரிய வேண்டும். ஒவ்வொரு துளையிலும் சைக்கிள் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்று. குச்சி நடுவில் நின்றால் குச்சிக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் இடையே 0.5 மி.மீ. இருக்கும். ஐந்து தாள்களைச் சேர்த்து நுழைத்துப் பார்த்துச் சரிசெய்யலாம். குண்டு விழும் இடத்தில் எவர்சில்வர் தட்டு வைத்தால் சத்தம் கேட்கும்.

குண்டு துளையின் விளிம்பைத் தாண்ட இன்னும் 0.5 மி.மீ. தள்ள வேண்டும். ஆக மொத்தம் குச்சி 1 மி.மீ. நகர்ந்தால் குண்டு விழும். சூத்திரத்தில் போட்டால் 0.01 மீ/வி², மெதுவான அசைவுக்கு மனித உணர்வின் எல்லையில் நிற்கும் கருவி இது. ஒத்ததிர்வு கிடைத்தால் அதற்குக் கீழும் போகும். துளையைப் பெரிதாக்கினால் குண்டு பத்திரமாக உட்காரும், உணர்திறன் குறையும். பெரும்பாலோர் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு எதற்கும் விழவில்லை என்பார்கள்.

சோதிக்க நிலநடுக்கம் வேண்டாம், தாள் போதும். அடித்தளத்தின் கிழக்குப் பக்கத்தைத் தாள் செருகி மெல்ல உயர்த்துங்கள். ஒரு தாள் 0.1 மி.மீ. என்றால், 50 செ.மீ. அகலத்தில் ஐந்து தாள் ஊசலை மேற்கே 1 மி.மீ. நகர்த்தும். மேற்குக் குண்டு ஐந்தாவது தாளை ஒட்டி விழ வேண்டும். மூன்றிலேயே விழுந்தால் குச்சி நடுவில் இல்லை. எட்டு ஆகியும் விழாவிட்டால் துளை விளிம்பில் பிசிறு இருக்கிறது, மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். நடுவுக்குக் கொண்டுவர போல்ட்டைத் திருப்பும்போது நிதானம் தேவை: எம்6 போல்ட் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும், அது ஊசலை 2 மி.மீ. வரை நகர்த்திவிடும். எட்டில் ஒரு பங்கு சுற்றாகத் திருப்புங்கள், ஒவ்வொரு முறையும் ஊசல் அடங்கும்வரை காத்திருங்கள்.

சட்டத்தை நான்கு பக்கமும் கண்ணாடியாலோ அட்டையாலோ மூட வேண்டும், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றே குண்டை விழவைக்கும். தரைத்தளத்தில், சுவரோரத்தில் வையுங்கள். மாடியில் வைத்தால் கட்டடத்தின் சொந்த ஆட்டம்தான் பதியும்.

இந்த மாதிரியில் இரண்டு குண்டுகள் எதிரெதிராக விழுந்தால் எதை எடுத்துக்கொள்வது?

இரண்டையும். இதில் பூட்டு இல்லை, ஊசல் திரும்பும்போது எதிர்க் குண்டையும் தட்டும். கிழக்கும் மேற்கும் விழுந்திருந்தால் 'கிழக்கு–மேற்குக் கோட்டில் ஆடியது' என்று மட்டும் எழுதுங்கள். மையம் அந்தக் கோட்டிலும் இருக்கலாம், அதற்குக் குறுக்கேயும் இருக்கலாம். நான்குக்கு மேல் விழுந்திருந்தால் ஊசல் சுற்றியிருக்கிறது, திசையை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு அதிகாரபூர்வப் பதிவோடு ஒப்பிடுங்கள். எட்டும் விழுந்து, அந்த நேரத்தில் எந்த நிலநடுக்கமும் பதிவாகவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ சட்டத்தின் மேல் சாய்ந்திருக்கிறார்கள்.